ஒரு பாடம், ஆறு கேள்விகள்

பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956இல் வகுத்த சிந்தனைப் படிநிலைகளை 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் குழுவினர் திருத்தி, படைத்தலை உச்சியில் வைத்தார்கள். பயிற்சி ஆசிரியர்களுக்கு இதை ஆவியாதல் பாடத்தைக் கொண்டே விளக்கலாம்.

நினைவுகூர்தல்: ஆவியாதல் என்றால் என்ன?

புரிதல்: அதை உன் சொற்களில் விளக்கு.

பயன்படுத்தல்: மழைநாளில் ஈரத்துணியை எப்படி உலர்த்துவாய்?

பகுத்தாய்தல்: ஒரே வெயிலில் விரித்த துணி காய்ந்தது, மடித்த துணி காயவில்லை. வேறுபாடு எதனால்?

மதிப்பிடல்: ‘வெயில் இருந்தால்தான் துணி காயும்’ என்பது சரியா? காரணத்தோடு சொல்.

படைத்தல்: காற்றின் பங்கைக் கண்டறிய ஒரு சோதனையை வடிவமை.

‘ஏன்’ என்று தொடங்கினாலே உயர்நிலைக் கேள்வி ஆகிவிடாது. விடை பாடநூலில் அப்படியே இருந்தால் அதுவும் நினைவுகூர்தல்தான். விடைத்தாள்களில் எல்லாரும் ஒரே வாக்கியத்தை எழுதியிருப்பதே அதற்கு அடையாளம்.