இரத்த மூலத்திற்கு ரண சிகிச்சையில்லாத ஓர் உபாயம்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறும் எவரும், "மூலம், பவுத்திரம்: ஆபரேஷனின்றிக் குணம்" என்ற விளம்பரத்தை ஒரு முறையேனும் கண்டிராமல் இருக்க முடியாது. பல்லாவரம், குரோம்பேட்டை, திருநீர்மலை முதலிய இடங்களின் மதில்களிலும் இது பல்லாண்டுகளாக ஒட்டப்பட்டு வருகிறது. வைத்தியரிடம் சொல்ல வெட்கப்படும் நோய், கத்தியைக் கண்டு அஞ்சும் நோயாளி என்ற இரண்டையும் நம்பியே இவ் விளம்பரங்கள் ஜீவிக்கின்றன. முறையாகப் பயிலாதவர் போடும் காரமான ஊசிமருந்தினால் ஆசனவாய் வெந்து சுருங்கிப் போனவர்கள் உண்டு. மூலமென்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டேயிருந்து, குடலில் வளர்ந்த புற்றுநோயைக் காலங்கடந்து கண்டறிந்தவர்களும் உண்டு.

இந்நிலையில், கத்தியின்றி மூலத்தின் இரத்தப்போக்கை நிறுத்தும் முறையொன்று மெய்யாகவே தோன்றியிருக்கிறது என்று நாம் எழுதினால், வாசகர்கள் அதையும் மதில் விளம்பரத்தோடு சேர்த்து எண்ணிவிடக் கூடும். ஆகவே அம்முறை யாது, அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

மூலமென்பது புதிதாக முளைக்கும் கட்டியன்று. ஆசனவாயின் உட்புறத்தில் எல்லோருக்கும் பிறவியிலேயே இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தைகள் மூன்று அமைந்திருக்கின்றன. மலத்தையும் வாயுவையும் கசியவிடாமல் அடைத்து வைப்பதில் அவற்றிற்கும் பங்குண்டு. இதை ஆங்கில வைத்தியரான தாம்சன் 1975-ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தினார். முக்கி முக்கி மலங் கழிப்பதாலும், வயதினாலும், பிற காரணங்களாலும் இம்மெத்தைகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்து, குழாய்கள் வீங்கிக் கீழிறங்கும் நிலையைத்தான் நாம் மூலம் என்கிறோம். இரத்தம் கசிவது மாத்திரம் முதற்படி. முக்கும்போது முளை வெளிவந்து தானே உள்ளே போவது இரண்டாம் படி. விரலால் தள்ளினால் மட்டும் போவது மூன்றாம் படி. எப்போதும் வெளியிலேயே நிற்பது நான்காம் படி.

இம்மெத்தைகளுக்கு வரும் இரத்தம் பெரும்பாலும் மேலிருந்தே வருகிறது. வயிற்றின் பின்புறமாக இறங்கும் பெருந்தமனியிலிருந்து, இடுப்பு முதுகெலும்பின் மூன்றாம் கணுவுக்கு நேராக ஒரு கிளை பிரிந்து, இடப்புறப் பெருங்குடலுக்கு இரத்தம் அளித்துக்கொண்டே கீழிறங்குகிறது. அதன் நுனிப்பகுதியே மேல் மலக்குடல் தமனி. அது வலம், இடம் எனப் பிரிந்து, பின்னும் சிறு கிளைகளாகி மெத்தைகளை அடைகிறது. இதுவன்றி, பக்கங்களிலிருந்தும் கீழிருந்தும் வேறு தமனிகள் மலக்குடலுக்கு இரத்தங் கொண்டு வருகின்றன. இந்த இரட்டை ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். இம்முறையின் பலமும் பலவீனமும் இதிலேயே அடங்கியிருக்கின்றன.

மெத்தையை அறுத்தெடுப்பது பழைய வழி. லண்டன் நகரில் மில்லிகன், மார்கன் என்ற இரு வைத்தியர்கள் 1937-இல் வகுத்த ரண சிகிச்சை இன்றும் வழக்கிலிருக்கிறது. அது நன்கு பலிப்பது. ஆனால் சில வாரங்களுக்கு வேதனை தருவது. மெத்தையை அறுக்காமல் அதற்கு வரும் தமனியை மாத்திரம் கட்டிவிடலாமே என்ற எண்ணத்தை, 1995-இல் ஜப்பானிய வைத்தியர் மொரினாகா ஒலியலைக் கருவியின் உதவியால் தமனியைக் கண்டறிந்து, ஆசனவாய் வழியே நூலால் கட்டி நடைமுறைக்குக் கொண்டு வந்தார். அதே தமனியைக் குழாயின் உட்புறமாகவே சென்று அடைப்பது அடுத்த படி. ரஷ்யாவில் கால்கின் என்பவர் 1994-லேயே இதைப் பற்றி எழுதியிருந்தார். பின்னர் பிரான்சு தேசத்து மார்செய் நகரில் வின்சென்ட் விதால் என்பவரும் அவர் சகாக்களும் ரண சிகிச்சைக்குத் தகாத 14 நோயாளிகளுக்கு இதைச் செய்து, 2014-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் விவரங்களை வெளியிட்டார்கள். அவர்களுள் பத்தில் ஏழு பேர் வீதம் குணங்கண்டனர். அதன் பிறகே இம்முறை பல தேசங்களுக்கும் பரவிற்று.

செய்யும் விதம் இதுதான். நோயாளியை எக்ஸ்ரே மேஜைமீது மல்லாந்து படுக்க வைத்து, தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். முழு மயக்கம் தேவையில்லை. அங்குள்ள தமனிக்குள் ஊசி வழியாக மெல்லிய கம்பியையும், அதன்மேல் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள குழாயையும் செலுத்துகிறார்கள். திரையில் பார்த்துக்கொண்டே முன் சொன்ன கிளையின் வாயிலை அடைந்து, எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தைச் செலுத்திப் படமெடுக்கிறார்கள். பிறகு அக்குழாயினுள் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிதான இன்னொரு குழாயை நுழைத்து, மேல் மலக்குடல் தமனியின் நுனிக்கிளைகள் ஒவ்வொன்றிற்கும் கொண்டு செல்கிறார்கள். அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள பிளாட்டினச் சுருள்களையோ, ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த மணித்துகள்களையோ, அல்லது இரண்டையுமோ விட்டு அடைக்கிறார்கள். மீண்டும் சாயம் செலுத்தி அடைபட்டதை உறுதி செய்தபின் குழாயை எடுத்துவிட்டு, துளையை அழுத்திப் பிடித்தால் வேலை முடிந்தது. ஆசனவாயை எவரும் தொடுவதேயில்லை. பலர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள்.

தமனியை அடைத்தால் குடல் அழுகிவிடாதா என்று கேட்பது நியாயமே. பக்கத்துத் தமனிகளும் கீழ்த் தமனிகளும் குடலுக்கு வேண்டிய அளவு இரத்தம் தருவதால், சாதாரணமாக அவ்வாறு நேர்வதில்லை. ஆனால் துகள்கள் மிகச் சிறியவையாயிருந்தால் ஆழச் சென்று புண்ணை உண்டாக்கலாம். துகள் பின்வாங்கி மேலுள்ள குடற்கிளைக்குள் போய்விட்டால் பெருங்குடலே பாதிக்கப்படலாம். சிகிச்சைக்குப் பின் இரண்டொரு நாள் மலம் வருவது போன்ற உந்துணர்வும் சிறு வலியும் இருப்பது சகஜம். வலி நாளுக்கு நாள் ஏறுவது, ஜுரம் காண்பது, சளியோடு இரத்தம் போவது, வயிறு உப்புவது ஆகியவை சகஜமல்ல. அப்போது உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கட்டுவதும், சாய மருந்து சிறுநீரகத்தைத் தாக்குவதும் அரிதாக நேரக்கூடியவை.

இனி, இது யாருக்கு என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நாம் காட்டுவது குறிப்பிட்ட ஒருவரையன்று. இத்தகைய நோயாளிகள் எவ்வூரிலும் இருக்கிறார்கள். திருநீர்மலையில் அறுபத்திரண்டு வயதுள்ள ஒருவர் வசிக்கிறார் என்று கொள்வோம். நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, இருதயத் தமனியில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. அது அடைபடாதிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரு மாத்திரைகளைத் தினமும் உட்கொள்கிறார். அது முதல் மலத்தோடு சொட்டுச் சொட்டாக இரத்தம் போகிறது. மலைக்கோயிற் படிகளை ஒரே மூச்சில் ஏறியவர், இப்போது பாதியில் உட்கார்ந்து இளைக்கிறார். ஹீமோகுளோபின் பதின்மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டாக இறங்கியிருக்கிறது.

முதலில் இவருக்குச் செய்ய வேண்டுவது மூல சிகிச்சையன்று. மூலந்தானா என்ற பரிசோதனை. இந்த வயதில் இவ்வளவு இரத்தக் குறைவு இருக்கும்போது, பெருங்குடல் முழுவதையும் குழாய்க் கண்ணாடியால் பார்க்காமல் எந்தச் சிகிச்சையிலும் இறங்குதல் தகாது. குடல் சுத்தமாயிருந்து, உள்மூலம் இரண்டாம் படியில் இருப்பதாகவும், இரத்தம் அதிலிருந்தே வருவதாகவும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நார்ச்சத்துள்ள உணவு, போதிய நீர், மலமிளக்கி, இரும்புச்சத்து ஆகியவை கொடுக்கப்படுகின்றன. ஆயினும் சில வாரங்கள் சென்றும் இரத்தம் நிற்கவில்லை.

வேறொருவராயிருந்தால் அடுத்த படி ரப்பர் வளையம் போடுவதாகும். முளையின் அடியில் வளையத்தை மாட்டினால் அது காய்ந்து விழுந்துவிடும். சில நிமிஷ வேலை, செலவும் சொற்பம். ஆனால் முளை விழும் ஒரு வாரம் பத்து நாட்களில் புண்ணிலிருந்து இரத்தம் பெருகலாம். இவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அதைப் பன்மடங்காக்கும். மாத்திரையை நிறுத்தலாமென்றால், ஸ்டென்ட் வைத்த முதல் சில மாதங்களில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகும். அறுவையின் கதியும் அதுவே. இத்தகையவருக்குத்தான் தமனியடைப்பு முறை மெய்யான உபகாரம் செய்கிறது. ஆசனவாயில் புண் உண்டாவதில்லை. இருதய வைத்தியரின் சம்மதத்தோடு பெரும்பாலும் மாத்திரைகளை நிறுத்தாமலே செய்ய முடிகிறது.

இவரைப் போன்றே, இரத்தம் உறையாத இயல்புள்ளவர்கள், முழு மயக்கத்தைத் தாங்கவியலாதவர்கள், முன்னரே ஆசனவாயில் ரண சிகிச்சை செய்து மலத்தை அடக்கும் சக்தி தளர்ந்தவர்கள், வளையம் போட்டும் இரத்தம் நிற்காதவர்கள் ஆகியோரையும் இதற்குக் கருதலாம். பொதுவிதி ஒன்றே: முதல் மூன்று படிகளுக்குள் உள்ள உள்மூலமாயிருக்க வேண்டும்; முக்கியக் குறை இரத்தப்போக்காயிருக்க வேண்டும்.

முளை வெளித்தள்ளுவதே தொல்லையானால், தமனியை அடைப்பதால் தளர்ந்த நார்கள் இறுகிவிடப் போவதில்லை. நான்காம் படிக்கும், வெளிமூலத்திற்கும், தோல் தொங்கலுக்கும், பவுத்திரத்திற்கும், வெடிப்புக்கும் இது மருந்தன்று. குடற்புற்றுக்காக முன்பே பெருங்குடலின் கீழ்ப்பகுதியை அறுத்தெடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் அத்தமனி கட்டப்பட்டிருக்கும். எஞ்சிய இரத்த ஓட்டத்தையும் குலைப்பது அபாயம். சிறுநீரகம் பழுதுற்றவர்கள், சாய மருந்து ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் விலக வேண்டியவர்களே.

முன் சொன்ன இரட்டை ஏற்பாட்டின் மற்றொரு பக்கமும் உண்டு. மேல் தமனியை அடைத்தாலும், பக்கத் தமனிகள் பருத்து மெத்தைகளுக்கு மீண்டும் இரத்தம் ஊட்டக்கூடும். சிலருக்குச் சில மாதங்களில் இரத்தம் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். அப்போது அக்கிளையையும் தேடி அடைக்க நேரிடும். சிகிச்சையான மறுநாளே இரத்தம் முற்றும் நின்றுவிடுமென்று எதிர்பார்ப்பதும் தவறு. ஒரு மாதம், மூன்று மாதம் சென்றபின் இரத்தப்போக்கையும் ஹீமோகுளோபினையும் பார்த்தே பலனை மதிப்பிட வேண்டும். வளையத்தோடும் அறுவையோடும் இதை ஒப்பிட்டுப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்த பெரிய ஆராய்ச்சிகள் இன்னும் போதவில்லை. சாட்சியம் வாதிக்குச் சாதகமாயிருக்கிறது. ஆனால் விசாரணை முடியவில்லை.

ஆகவே, எளிதும் மலிவுமான வழிகளைக் கடந்து, எல்லோரும் இதற்கே ஓட வேண்டுமென்பது நமது கருத்தன்று. இதைச் செய்ய எக்ஸ்ரேத் திரையும், தமனிகளுக்குள் குழாய் செலுத்தப் பயின்ற கதிரியக்க நிபுணரும், அவரோடு கலந்தாலோசிக்கும் குடல் வைத்தியரும் வேண்டும். தெருமுனை அறையில் ஊசி போடுபவர் எவரும் இதைச் செய்ய இயலாது. குடலைப் பரிசோதித்தீர்களா, என் மூலம் எந்தப் படியில் இருக்கிறது, வளையம் ஏன் எனக்கு ஆகாது, இரத்தம் திரும்ப வந்தால் என் செய்வீர்கள் என்ற நான்கு கேள்விகளை நோயாளி கேட்கட்டும். இவற்றிற்கு விடையளிக்க முடியாதவர் மதிலில் எவ்வளவு பெரிய எழுத்தில் விளம்பரம் செய்திருந்தாலும், அவரிடம் உடம்பை ஒப்புவிக்க வேண்டாமென்பதே நாம் கூறுவது.