சின்ன அத்தை யாருக்கு அத்தை?

பழைய போட்டோ ஒன்றின் பின்பக்கத்தில் நீல மையில் 'சின்ன அத்தை, பாப்பா, திருச்செந்தூர்' என்று எழுதியிருக்கிறது. பாளையங்கோட்டையில் ஆச்சியின் ஆல்பத்தை ஸ்கேன் செய்ய உட்கார்ந்த கல்லூரிப் பேத்தி, தன் சின்ன அத்தையைத்தான் குறிக்கிறது என்று நினைத்து அப்படியே பதிந்துகொண்டாள். ஆச்சி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது உங்கப்பன் பள்ளிக்கூடத்துல படிக்கையில எழுதுனதுல்லா. அவனுக்குச் சின்ன அத்தை. எனக்கு நாத்தனா."

குடும்பப் படங்களைக் கணினிக்கு மாற்றுவதில் சிக்கலான பகுதி இதுதான். இயந்திரம் செய்வது எளிய பாதி. படத்தில் இருப்பவர் யார் என்பது பெரும்பாலும் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவரும் உறவுமுறையைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார். உறவுமுறையோ சொல்கிறவரைப் பொறுத்து மாறுவது. அந்தப் பேத்தியும் ஆச்சியும் இரண்டு பாதிகளையும் எப்படிச் செய்து முடித்தார்கள் என்று பார்க்கலாம்.

ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைக்கூட எடுப்பதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே செல்போனில் படம்பிடித்து வைத்தாள் பேத்தி. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் இருந்தது என்பதே ஒரு சான்று. ஒரே கல்யாணத்தில் எடுத்தவை பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். பிரித்துக் கலந்துவிட்டால் அந்த வரிசை போய்விடும்.

அடுத்தது படங்களைப் பிரிப்பது. கறுப்பு அட்டையில் மூலை ஒட்டி செருகியிருந்தவை சுலபமாக வந்தன. எண்பதுகளில் பரவலான, பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் ஆல்பம்தான் தகராறு செய்தது. அதன் பசைக் கோடுகள் காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்கின்றன. விரலால் இழுத்தால் படம் வளைந்து மேல்பூச்சு வெடிக்கும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, அறுப்பதுபோல் மெதுவாக நகர்த்தினால் சில விடும். விடாதவற்றைப் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்வதுதான் பாதுகாப்பு. சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் அதைப் பிரிக்கவே கூடாது. ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கண்ணாடியில் நம் உருவம் தெரியாமலிருக்க ஒரு கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துக்கொண்டு செல்போனில் எடுக்கலாம். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். ஈரத்துணி எந்தப் படத்துக்கும் ஆகாது.

ஸ்கேன் செய்ய வீட்டு ஆல்-இன்-ஒன் பிரிண்டரின் மூடிக்கு அடியில் இருக்கும் கண்ணாடியே போதுமானது. தாள் இழுக்கும் பகுதியில் பழைய படத்தை விடக் கூடாது. அளவு 600 டிபிஐ. காரணம் எளிது. போஸ்ட்கார்டு சைஸ் குழுப் படத்தில் ஒரு முகம் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 300 டிபிஐயில் அந்த முகம் சுமார் 95 புள்ளிகளில் அடங்கும். 600இல் சுமார் 190 புள்ளிகள் கிடைக்கும். திரையில் பெரிதாக்கும்போது, மூக்குத்தி எந்தப் பக்கம் என்று சொல்லவும் சொல்ல முடியாமல் போகவும் இந்த வித்தியாசமே காரணம். பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200 வைக்கலாம். மற்றவற்றுக்கு அதற்கு மேல் போனால் காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகும்.

கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே ஸ்கேன் செய்தாள். பழுப்பேறிய நிறமும் கறையும் ஸ்டூடியோவின் ஊதா முத்திரையும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியும். நிறத்தைத் தானாகத் திருத்தும் வசதிகளை அணைத்துவிட்டாள். எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் பல இன்று செக்கச்செவேலென்று மாறியிருக்கின்றன. படத்தின் சாயங்களில் நீலப்பச்சை முதலில் மங்கிவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்வதானால் நகலில் செய்ய வேண்டும், மூலக்கோப்பில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தாள். வெறுமையாகத் தெரிந்த சிலவற்றில்கூட மங்கிய பென்சில் எழுத்து இருந்தது.

கோப்புப் பெயரில் முதலில் வருடத்தையும் ஆள் பெயரையும் போட்டுப் பார்த்தாள். ஆச்சி ஒவ்வொரு முறை வருடத்தை மாற்றிச் சொல்லும்போதும் கோப்புப் பெயரும் மாற வேண்டியிருந்தது. பிறகு எண் மட்டும் போதும் என்று முடிவானது. முதல் ஆல்பத்தின் பன்னிரண்டாம் படம் என்றால் இப்படி:

```
A1_012_front.tif
A1_012_back.tif
```

இந்த எண் ஒருபோதும் மாறாது. வருடமும் பெயரும் குறிப்பில் இருக்கும், புதுத் தகவல் வந்தால் அங்கே மாற்றிக்கொள்ளலாம். படத்தின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாமல், அந்தப் படத்தைப் போட்டுவைக்கும் காகித உறையின் மேல் இதே எண்ணை எழுதினாள். அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும், மை பக்கத்துப் படத்தில் ஒட்டும்.

இத்தனையும் ஆன பிறகுதான் ஆச்சியை உட்காரவைத்தாள். இந்த வரிசைக்கு ஒரு பலன் உண்டு. கையில் பிடித்தபோது ஆச்சிக்குத் தெரியாத முகங்கள், மடிக்கணினித் திரையில் உள்ளங்கை அளவுக்கு விரிந்ததும் தெரிந்தன. ஆனால் முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது தடுமாறினார். பக்கத்தில் யார் நிற்கிறார், பின்னால் எந்த வீட்டுத் திண்ணை என்பதெல்லாம் சேர்ந்துதான் அவருக்கு ஆள் அடையாளம். அதனால் முழுப் படம் முதலில், முகம் பிறகு. செல்போனில் குரலைப் பதிவுசெய்யச் சம்மதம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் 'ஆல்பம் ஒன்று, படம் பன்னிரண்டு' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினாள். இல்லாவிட்டால் பின்னால் கேட்கும்போது 'இவன்', 'அவா' என்று மட்டும் ஒலிக்கும், யாரென்று பிடிபடாது.

பன்னிரண்டாம் படம் ஆச்சியின் கல்யாணக் குழுப் படம். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வரவில்லை. "அப்ப ஊர்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டதும் வந்தது. "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அதுக்கு அடுத்து வந்த தை." அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு. ஆக, 1965 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் கல்யாணம். பெட்டியில் கிடந்த அழைப்பிதழில் 'குரோதி வருஷம் தை மாதம்' என்றிருந்தது. தமிழ் வருடச் சுழற்சியில் குரோதி 1964 ஏப்ரலில் தொடங்கியது, ஆகவே இரண்டும் பொருந்துகின்றன. இங்கே ஒரு கவனம் வேண்டும். குரோதன என்றும் ஒரு வருடம் உண்டு, அது 1985இல் தொடங்கியது. எழுத்து தேய்ந்த அழைப்பிதழில் இரண்டையும் குழப்பிக்கொண்டால் இருபத்தொரு வருடம் தள்ளிப்போய்விடும்.

பிறகு பெயர்கள். மாப்பிள்ளை யார் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் ஆச்சி பெயரைச் சொல்ல மாட்டார். "அவுக பேரை நான் எப்படிட்டீ சொல்லுவேன்? உங்க அண்ணன் பேருதான்." தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் இந்த வீட்டில் ஒரே பெயரில் இருவர். மாமனார் பெயர் கொண்ட கொழுந்தனையும் ஆச்சி வேறு செல்லப் பெயரால்தான் கூப்பிட்டு வந்திருக்கிறார். இப்படிச் சொல்லாமல் விட்ட பெயர்களைப் பேத்தி அழைப்பிதழிலிருந்தும் பழைய ரேஷன் கார்டிலிருந்தும் எடுத்தாள். பெண்களின் இனிஷியல் கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் கணவன் பெயர் என்று மாறுவதால் இரண்டையும் குறித்தாள். கடைசியில் ஒவ்வொருவருக்கும் நான்கு விவரங்கள் என்று வகுத்துக்கொண்டாள்: முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், யாருடைய பிள்ளை, ஆச்சிக்கு என்ன முறை. உறவை எப்போதும் ஆச்சியை மையமாக வைத்தே எழுதுவது என்று வைத்துக்கொண்டதும், அந்தச் 'சின்ன அத்தை' குழப்பம் தீர்ந்தது. அவர் இப்போது 'ஆச்சியின் நாத்தனார், தாத்தாவின் கடைசித் தங்கை'.

குழுப் படத்தில் பெயர் வரிசை, பத்திரிகைகளில் வருவது போலவே: நிற்பவர்கள், அமர்ந்திருப்பவர்கள், தரையில் இருப்பவர்கள், ஒவ்வொன்றும் இடமிருந்து வலம். படத்தைப் பார்ப்பவரின் இடது என்பதையும் ஒருமுறை எழுதிவைப்பது நல்லது.

பதினைந்தாம் படம் பாடம் சொல்லித்தந்தது. மடியில் பூச்சடை வைத்த குழந்தை. 'பெண் குழந்தை' என்று பேத்தி எழுதியதைக் கேட்டு ஆச்சி சிரித்தார். "ஏட்டி, அது பொம்பளப் பிள்ளை இல்ல. உங்க பெரியப்பால்லா!" முதல் முடி இறக்குவதற்கு முன் ஆண் குழந்தைக்கும் சடை பின்னி, பாவாடை உடுத்தி ஸ்டூடியோவில் படம் எடுப்பது அந்தக் காலத்து வழக்கம். மொட்டை போட்டது அண்ணா இறந்த பிறகு என்று ஆச்சி சொன்னார். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. ஆனால் பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழை வைத்து வயதைக் கணக்கிட்டால் அப்போது அவருக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது. படத்தில் இருப்பதோ சடை பின்னும் அளவுக்கு முடி வளர்ந்த குழந்தை. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்ட பிறந்த தேதிகள் அந்தத் தலைமுறையில் ஏராளம். ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால் பராபவ வருஷம், அதாவது 1966 ஏப்ரலில் தொடங்கிய வருடம். இப்போது கணக்கு சரியாக வந்தது.

எந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்பதையும் குறிப்பிலேயே சேர்த்தாள்: 'ஆச்சி சொன்னது', 'அழைப்பிதழில் உள்ளது', 'ஊகம்'. தெரியாத முகத்துக்குத் 'தெரியவில்லை' என்றே எழுதினாள். ஆச்சி சில படங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவற்றைப் பேத்தி வற்புறுத்தவில்லை, எண் மட்டும் போட்டு வைத்தாள்.

குறிப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. கூகுள் போட்டோஸில் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பு படக் கோப்புக்குள் சேர்வதில்லை. கோப்பை வேறிடத்துக்கு எடுத்துப்போனால் பெயர்கள் கூட வராது. விண்டோஸில் ஜேபெக் நகலை வலது சொடுக்கி `Properties`, அதில் `Details` போய் `Comments` இடத்தில் தமிழிலேயே எழுதினால் அது கோப்போடு பயணம் செய்யும். ஆனால் வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, உள்ளே எழுதியதும் உதிர்ந்துவிடும். `Document` ஆக அனுப்பினால் அப்படியே போகும். சொந்தக்காரர்கள் மறுபடி எப்படி அனுப்புவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் குழுவில் பகிரும் நகல்களுக்கு மட்டும் படத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை சேர்த்து, பெயர்களை அதிலேயே அச்சிட்டாள். மூலக்கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு ஊர்களில் இருக்கின்றன. பெயர்ப் பட்டியலின் காகிதப் பிரதி ஒன்றும் ஆல்பத்தோடு இருக்கிறது.

பகிர்ந்த அன்றே திருத்தங்கள் வரத் தொடங்கின. பன்னிரண்டாம் படத்தில் நிற்பவர்களில் மூன்றாமவர் தன் சித்தப்பா மகன் என்றார் ஆச்சி. இல்லை, அவர் அப்போது கொழும்பில் இருந்தார், இது அவருடைய தம்பி என்கிறார் ஆச்சியின் தங்கை. இருவர் சொன்னதும், சொன்னவர் பெயரோடும் தேதியோடும், A1_012 குறிப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. அடுத்து, அந்தத் தம்பியின் கல்யாணப் படம் யாரிடமாவது இருக்கிறதா என்று பேத்தி குழுவில் கேட்டிருக்கிறாள்.