சுவரில் ஊன்றிய கை நழுவாதிருக்க

உள்ளங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு உடலை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். முழங்கை மடங்கி விரிகிறது, தோள்பட்டை ஏறி இறங்குகிறது, கை மட்டும் வைத்த இடத்தில் இருக்கிறது. நமக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கணினியில் உருவாக்கிய ஒரு பாத்திரத்தை இப்படி நிற்க வைப்பதற்கோ தனி ஏற்பாடே வேண்டும்.

பாத்திரத்தின் தோலுக்குள் ஓர் எலும்புக்கூடு இருக்கும். அதைத்தான் ரிக் என்கிறார்கள். மேல்கை எலும்பைத் திருப்பினால் முன்கை கூடவே போகும். முன்கையைத் திருப்பினால் மணிக்கட்டு போகும். அசைவு தோளில் தொடங்கி விரல் நுனி வரை இறங்கி வருகிறது. கையை வீசி நடக்க இது போதும். ஆனால் மாடிப்படி ஏறிய களைப்பில் ஒரு தாத்தா இடது கையைச் சுவரில் ஊன்றி மூச்சு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் அசைகிறது. அதனோடு கையும் அசைந்து சுவரைத் துடைக்கிறது. முதல் ஃபிரேமிலும் இருபதாவது ஃபிரேமிலும் கையைச் சரியான இடத்தில் வைத்துவிட்டாலும், இடைப்பட்ட ஃபிரேம்களில் கணினி மூட்டுகளின் கோணங்களைத்தான் சீராக மாற்றும். கோணம் சீராக மாறும்போது கை வில்போல வளைந்து போய்த் திரும்பும்.

இன்வெர்ஸ் கைனமேட்டிக்ஸ், சுருக்கமாக ஐகே, இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. மணிக்கட்டு எங்கே இருக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். தோளும் முழங்கையும் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணினி கணக்கிடுகிறது. தோல்பாவைக்கூத்தில் பாவையின் கையில் கட்டிய குச்சியை நகர்த்தினால் முழங்கை தானாக மடங்குவது போலத்தான்.

இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் தாத்தாவின் கையை அமைப்போம். `upper_arm.L`, `forearm.L`, `hand.L` என மூன்று எலும்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. எடிட் மோடில் `hand.L` எலும்பைப் பிரதியெடுத்து, Alt+P அழுத்தித் தாய் எலும்பிலிருந்து பிரித்து, `hand_ik.L` என்று பெயர் வைக்க வேண்டும். இனி சுவரில் ஊன்றப்போவது இந்த எலும்புதான். இது இடுப்புக்கோ மார்புக்கோ பிள்ளையாக இருக்கவே கூடாது. இருந்தால் உடல் அசையும்போது இதுவும் அசையும், செய்த வேலை அத்தனையும் வீண். தோலை இழுக்காமல் இருக்க இதன் Deform குறியையும் எடுத்துவிட வேண்டும்.

பிறகு போஸ் மோடில் Inverse Kinematics கட்டுப்பாட்டை `forearm.L` மேல் போட்டு, இலக்காக `hand_ik.L` எலும்பைக் காட்ட வேண்டும். புதியவர்கள் பலர் இதை `hand.L` மேல் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் இலக்கைத் தொடுவது மணிக்கட்டு அல்ல, கை எலும்பின் மறுமுனை. `Chain Length` என்ற இடத்தில் 2 என்று கொடுக்க வேண்டும். அங்கே முதலில் இருக்கும் 0 என்ற எண்ணுக்கு, சங்கிலியின் வேர் வரை எல்லா எலும்புகளும் என்று பொருள். அதை அப்படியே விட்டால் கையை நகர்த்தும்போது தாத்தாவின் முதுகெலும்பும் சேர்ந்து வளையும்.

இப்போது மணிக்கட்டு நிற்கும், ஆனால் உள்ளங்கை நிற்காது. `hand.L` இன்னும் முன்கையின் பிள்ளைதான். முன்கை சாயும்போது உள்ளங்கையும் சாய்ந்து, விரல்கள் சுவருக்குள் புகும். `hand.L` மேல் Copy Rotation போட்டு, திருப்பத்தையும் `hand_ik.L` எலும்பிலிருந்தே எடுக்கச் சொன்னால் உள்ளங்கை சுவரோடு படிந்து நிற்கும்.

முழங்கை மிச்சம் இருக்கிறது. கை சுவரில், தோள் உடலில் என இரண்டு முனையும் நிலையாக இருந்தாலும் முழங்கையைக் கீழ்நோக்கியும் வைக்கலாம், பக்கவாட்டில் தூக்கியும் வைக்கலாம். எது வேண்டும் என்று கணினிக்குத் தெரியாது. முழங்கைக்குப் பின்னால், கிட்டத்தட்ட ஒரு கை நீளம் தள்ளி ஒரு சிறு எலும்பை வைத்து அதை Pole Target ஆகக் கொடுத்தால் முழங்கை அந்தப் பக்கம் பார்க்கும். கொடுத்ததும் கை முறுக்கிக்கொண்டால் `Pole Angle` எண்ணை -90, 90, 180 என்று மாற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இவற்றில் ஒன்று பொருந்தும். எடிட் மோடிலேயே முழங்கையைச் சற்று மடக்கி வைப்பதும் அவசியம். நேர்கோடாக இருக்கும் கை எந்தப் பக்கம் மடங்கும் என்பது குழப்பம்தான்.

அமைப்பு முடிந்தது. ஓடவிட்டால் தெரியும் முதல் கோளாறு, முழங்கை திடீரென்று வெட்டுவது. காரணம் வெறும் முக்கோணக் கணக்கு. தாத்தாவின் மேல்கை 30 செ.மீ., முன்கை 25 செ.மீ. என்று கொள்வோம். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடைவெளி 40 செ.மீ. ஆக இருக்கும்போது முழங்கையின் கோணம் சுமார் 93 பாகை. இடைவெளி 1 செ.மீ. கூடினால் 96 ஆகிறது, மூன்றே பாகை. அதே இடைவெளி 54 செ.மீ. ஆக இருந்தால் கோணம் 158 பாகை. அங்கே 1 செ.மீ. கூடினால் கை முழுக்க நீண்டு 180 ஆகிவிடுகிறது, 22 பாகைத் தாவல். மூச்சுக்குத் தோள் ஒரு சென்டிமீட்டர் அசைவது இயல்பு. அந்தச் சின்ன அசைவே முழங்கையைச் சுண்டிவிடுகிறது. அதற்கு மேலும் தோள் விலகினால் கை எட்டாமல் சுவரைவிட்டே வந்துவிடும். மென்பொருளில் இதற்கு மருந்து தேடுவதைவிடத் தாத்தாவைச் சுவருக்குப் பக்கத்தில் நகர்த்துவதே மேல். இடைவெளி 52 செ.மீ. தாண்டாமல் பார்த்துக்கொண்டால் முழங்கை சுமார் 142 பாகைக்குள் நிற்கும். பார்க்கவும் இயல்பாக இருக்கும்.

அடுத்தது நழுவல். ஊன்றிய கை மெல்ல ஊர்கிறதா என்பது தூரத்திலிருந்து தெரியாது. கேமராவை உள்ளங்கைக்கு அருகே கொண்டுபோய், விரல் நுனியில் 3டி கர்சரை வைத்து ஓடவிட வேண்டும். விரல் கர்சரைவிட்டு விலகினால் Graph Editor திறந்து `hand_ik.L` எலும்பின் கோடுகளைப் பாருங்கள். ஊன்றியிருக்கும் நேரம் முழுவதும் அவை படுத்த கோடாக இருக்க வேண்டும். இரண்டு கீ-களிலும் ஒரே எண் இருந்தும், கைப்பிடிகள் சரிந்திருப்பதால் கோடு நடுவில் புடைத்திருக்கலாம். கீ-களைத் தேர்ந்து T அழுத்தி Linear ஆக்கினால் நேராகும்.

இவ்வளவும் செய்தாலும் தாத்தா சுவரில் சாய்ந்திருக்கிறார் என்ற எண்ணம் வராமல் போகலாம். ஐகே இடத்தைத்தான் காக்கிறது, எடை அதற்குத் தெரியாது. மனிதர் கையில் எடையைப் போடும்போது தோள்பட்டை காதை நோக்கி ஏறும், தலை சற்றுத் தொங்கும். சங்கிலி இரண்டு எலும்போடு முடிவதால் காறையெலும்பு தானாக அசையாது. அதை அனிமேட்டர்தான் தூக்கி வைக்க வேண்டும். கையை நிறுத்துவதைவிட இந்த வேலைக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கையை எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சுவரிலிருந்து முதலில் உள்ளங்கையின் அடிப்பகுதி எழும். விரல் நுனி கடைசியில் பிரியும். `hand_ik.L` மணிக்கட்டை மையமாகக் கொண்டு சுழல்வதால், அதைத் திருப்பினால் விரல்கள் சுவருக்குள் போய்விடும். விரல் நுனியில் தொடங்கும் இன்னொரு எலும்பை உருவாக்கி, `hand_ik.L` எலும்பை அதற்குப் பிள்ளையாக்கிவிடலாம். அந்தப் புதிய எலும்பைத் திருப்பினால் நுனி ஒட்டியபடியே இருக்க, மணிக்கட்டு சுவரைவிட்டு எழும்.