திரைக்குள் ஒளி – 9: வெளுத்துப்போகும் சிவப்பு

வெள்ளைச் சுவருக்கு முன்னால் சிவப்புப் புடவையில் நிற்கும் ஒருவரை ஐபோனில் வீடியோ எடுக்கிறீர்கள். போனில் பளிச்சென்று இருக்கிறது. அதை லேப்டாப்பில் ஓடவிட்டு மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்தால் சுவர் சாம்பல் பூத்து, புடவை செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடுகிறது. இணையத்தைக் குறைசொல்வது எளிது. ஆனால் இணையம் மந்தமானால் படம் திக்கும், கட்டம் கட்டமாக உடையும், வெளுக்காது.

2020இல் வந்த ஐபோன் 12 முதல் ஹெச்டிஆர் வீடியோ எடுக்க முடிகிறது. அந்தக் கோப்புக்கு அடிப்படை, பிபிசியும் ஜப்பானின் என்ஹெச்கேயும் உருவாக்கிய ஹெச்எல்ஜி என்ற ஒளி அளவுமுறை. சாதாரண வீடியோவில் வெள்ளைத் தாளுக்குரிய எண்ணே ஏறத்தாழ உச்சம்: 100. ஹெச்எல்ஜியில் அதே தாளுக்கு வழிகாட்டு அளவு 75தான். மேலே உள்ள இடம் விளக்குச் சுடருக்கும் வெயிலில் மின்னும் உலோகத்துக்கும் ஒதுக்கியது.

இந்த ஏற்பாடு தெரியாத பிளேயர் 75ஐ சாதாரண வீடியோவின் 75 என்றே படிக்கிறது. திரையில் அந்த எண் தரும் வெளிச்சம் உச்சத்தில் பாதிதான். சுவர் சாம்பலாவது இதனால்.

நிறத்திலும் இதே தவறு நடக்கிறது. ஹெச்டிஆர் கோப்பின் நிற எல்லை அகலமானது. சாதாரண திரையின் முழுச் சிவப்பு அங்கே தனிச் சிவப்பாக நிற்பதில்லை. சிவப்பு 66, பச்சை 23, நீலம் 11 என்ற கலவையாகப் பதிவாகிறது. அந்த எண்களை அப்படியே திரையில் போட்டால் புடவை மங்காமல் என்ன செய்யும்?

பழுது எங்கே என்று அறிய, பகிர்பவரின் திரையைப் பாருங்கள். அங்கேயே வெளுத்திருந்தால் பிளேயர் மாற்றவில்லை. அங்கே நன்றாக இருந்து, மற்றவர்களுக்கு மட்டும் வெள்ளைப் பகுதிகள் விவரமின்றி வெந்துபோயிருந்தால் கதை வேறு: விண்டோஸில் ஹெச்டிஆர் இயங்குகிறது, மீட்டிங் மென்பொருளோ திரையைச் சாதாரண 8 பிட் படமாக எடுத்து அனுப்புகிறது. உச்ச ஒளி அந்த இடத்தில் வெட்டுப்படும். மீட்டிங்குக்கு முன் விண்டோஸ் ஹெச்டிஆரை அணைத்தால் போதும்.

கோப்பைச் சோதிக்க:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=color_transfer clip.mov
```

`arib-std-b67` என்று வந்தால் ஹெச்எல்ஜி. `bt709` என்றால் சாதாரண வீடியோ.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்பை வெறும் எம்பி4 ஆக்கினால் இந்தச் சிக்கல் தீராது. ஹெச்எல்ஜி என்ற குறிப்பு வழியில் தொலைந்தால், சரியான பிளேயர்கூட இனி அதை வெளுப்பாகத்தான் காட்டும். ஒளியையும் நிறத்தையும் கணக்கிட்டு இறக்கும் ‘டோன் மேப்பிங்’ உள்ள எடிட்டரில் சாதாரண வீடியோவாக ஏற்றுமதி செய்ய வேண்டும். மீட்டிங்கில் காட்டவே எடுப்பதானால், Settings > Camera > Record Video பகுதியில் HDR Video என்பதை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.