பிடித்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் கடிதம்

படிப்புக்காகவும் வேலைக்காகவும் இங்கிலாந்து செல்லும் நம் பிள்ளைகள் பலர், வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் தொகையில் ஒரு பகுதியை இழந்துவிட்டு வருகிறார்கள். வீட்டுக்காரர் சொன்னதே முடிவு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தத் தொகை வாடகைக்கு இருப்பவருக்குச் சொந்தமானது. அதில் ஏன் பிடித்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

இதற்கு அடிப்படை, குடியேறும் நாளில் தயாரிக்கப்படும் வீட்டு நிலை அறிக்கை. சுவர், தரை, கதவு, அடுப்பு ஆகியவை அன்று எப்படி இருந்தன என்று அறைவாரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். கடைசி நாளின் நிலையை இதனோடு ஒப்பிட்டுத்தான் சேதம் கணக்கிடப்படும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அட்வான்ஸ் 1,000 பவுண்டு. திரும்பி வந்தது 650. தரைவிரிப்பில் கறை என்று 320 பவுண்டும், ஜன்னல் திரை உடைந்ததற்கு 30 பவுண்டும் பிடித்திருக்கிறார்கள். திரை உடைந்தது நம்மால்தான். கறையோ முன்பே இருந்தது. அப்படியானால் கடிதம் இப்படி அமையலாம்:

"ஐயா, திரைக்கான 30 பவுண்டை ஏற்றுக்கொள்கிறேன். தரைவிரிப்புக்கான 320 பவுண்டை ஏற்கவில்லை. நான் குடியேறிய அன்று நாம் இருவரும் கையெழுத்திட்ட அறிக்கையின் 4ஆம் பக்கத்தில், 'முன்னறை, ஜன்னலோரம், உள்ளங்கை அளவு பழுப்புக் கறை' என்று உள்ளது. அந்தப் பக்கத்தையும் அன்றைய புகைப்படத்தையும் இணைத்துள்ளேன். 14 நாட்களுக்குள் 320 பவுண்டைத் திருப்பித் தாருங்கள். தவறினால், அட்வான்ஸ் பாதுகாப்புத் திட்டத்தில் முறையிடுவேன்."

தன் தவறை முதலில் ஒப்புக்கொள்வதால், மறுப்பதற்கு வலு கூடுகிறது. பக்க எண்ணையும் அறிக்கையின் வாசகத்தையும் அப்படியே எடுத்துக் காட்டுவது முக்கியம். "வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தேன்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது.

கறை நாம் ஏற்படுத்தியதாகவே இருந்தாலும், புது விரிப்பின் முழு விலையையும் கேட்க முடியாது. எட்டு ஆண்டுகள் உழைக்கக்கூடிய விரிப்புக்கு ஏற்கெனவே ஆறு வயதாகிவிட்டது என்றால், மீதமிருப்பது இரண்டு ஆண்டுகள்தான். எனவே 320இல் கால் பங்கு, அதாவது 80 பவுண்டு கேட்பதே நியாயம். நடந்து நடந்து மங்கியது போன்ற இயல்பான தேய்மானத்துக்கோ எதுவும் பிடிக்கக்கூடாது.

பதில் வராவிட்டால், அட்வான்ஸ் பதிவாகியுள்ள திட்டத்தின் சமரசப் பிரிவுக்குச் செல்லலாம். கட்டணம் இல்லை. அங்கே நேரில் விசாரணை கிடையாது, ஆவணங்களைப் பார்த்தே முடிவு சொல்வார்கள். பொதுவாக வாடகைக் காலம் முடிந்த மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தால், இந்தத் திட்டம் பொருந்தாது.

அறிக்கையில் கறை குறிக்கப்படாமல் இருந்தால் என்ன செய்வது? கையெழுத்திடும் முன்பே அதை எழுதிச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பிறகு கண்ணில் பட்டால், உடனே படமெடுத்து வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். அந்த மின்னஞ்சலின் தேதியே பின்னாளில் சாட்சியாக நிற்கும்.