அடுத்து எந்த பைட் வேண்டும்?

‘வணக்கம்’ என்ற சொல்லில் எழுத்து 5. கணினிக்கோ அது 21 பைட். வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கும். மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடுதான். 7 குறியீடு, 21 பைட். இணையத்தில் தரவைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறைக்கு எழுத்து, வரி எதுவும் தெரியாது. எத்தனையாவது பாக்கெட் என்றுகூட அது எண்ணாது. அது எண்ணுவது பைட்டை மட்டும்.

கயலும் மாறனும் தங்கள் கணினிகளுக்கிடையே, மறையாக்கம் எதுவும் இல்லாத எளிய அரட்டை நிரலில் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேச்சுக்கு முன் மூன்று பாக்கெட்டுகள் போய்வரும்.

```
கயல் → மாறன்  SYN      seq=1000
மாறன் → கயல்  SYN,ACK  seq=5000 ack=1001
கயல் → மாறன்  ACK      seq=1001 ack=5001
```

`seq` என்பது வரிசை எண். `ack` என்பது ஒப்புகை எண். இரண்டு திசைக்கும் தனித்தனிக் கணக்கு. 1000, 5000 என்பவை நம் வசதிக்கு எடுத்துக்கொண்டவை. நிஜத்தில் இருவரும் ஊகிக்க முடியாத ஒரு பெரிய எண்ணில் தொடங்குவார்கள். தொடக்க எண்ணை ஊகிக்க முடிந்த காலத்தில், பிறர் பெயரில் போலிப் பாக்கெட் அனுப்பி உள்ளே நுழைந்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு வினோதம். SYN பாக்கெட்டில் தரவே இல்லை. ஆனாலும் அது ஓர் எண்ணைத் தின்றுவிடுகிறது. ‘உன் SYN வந்தது’ என்று ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல அதற்கும் ஓர் எண் வேண்டுமே! அதனால்தான் 1000க்குப் பதில் 1001. வெறும் ஒப்புகை மட்டும் சுமந்த பாக்கெட்டோ எண் எதையும் செலவழிப்பதில்லை.

கயல் ‘வணக்கம்’ என்று அடித்து எண்டர் தட்டுகிறாள். எண்டருக்கு ஒரு பைட், மொத்தம் 22. மாறன் ‘நலமா?’ என்கிறான்: நான்கு தமிழ்க் குறியீடு, ஒரு கேள்விக்குறி, ஒரு எண்டர். 14 பைட்.

```
கயல் → மாறன்  seq=1001 ack=5001  22 பைட்
மாறன் → கயல்  seq=5001 ack=1023  14 பைட்
கயல் → மாறன்  seq=1023 ack=5015   0 பைட்
```

கயலின் 22 பைட்டுகள் 1001 முதல் 1022 வரை. மாறன் பக்கம் சொல்வது 1022 அல்ல, 1023. ஒப்புகை எண் ‘கடைசியாக வந்தது’ அல்ல. ‘அடுத்து எனக்கு வேண்டியது’. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வெறும் கூட்டல்.

இனி கயல் ஒரு நீண்ட கடிதம் அனுப்புகிறாள். ஆயிரம் ஆயிரம் பைட்டாக ஐந்து துண்டுகள். தொடக்க எண்கள் 1023, 2023, 3023, 4023, 5023. இரண்டாவது துண்டு வழியில் தொலைந்துவிடுகிறது. முதல் துண்டுக்கு மாறனின் கணினி `ack=2023` என்கிறது. மூன்றாவது வந்தபோதும் அதே 2023. நான்காவதுக்கும் 2023, ஐந்தாவதுக்கும் 2023. வந்த துண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டாலும், இடையில் ஓட்டை இருக்கும்வரை எண் நகராது. ‘காணவில்லை’ என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒரே எண் கூடுதலாக மூன்று முறை திரும்பி வந்ததைப் பார்த்தே கயலின் கணினி புரிந்துகொண்டு, 2023இல் தொடங்கும் துண்டை மட்டும் மறுபடி அனுப்புகிறது. ஓட்டை அடைந்ததும் பதில் ஒரே தாவலில் `ack=6023`. ஒரு முறைதான் திரும்பி வந்திருந்தால் அது பொறுத்துப் பார்க்கும். பாக்கெட்டுகள் வரிசை மாறி வருவதும் சகஜம்.

பாக்கெட்டை எண்ணியிருந்தால் இவ்வளவு குழப்பம் எதற்கு என்று தோன்றலாம். மறுபடி அனுப்பும்போது அந்த ஆயிரம் பைட்டை இரண்டு ஐந்நூறாகப் பிரித்தும் அனுப்பலாம், அடுத்ததோடு சேர்த்தும் அனுப்பலாம். துண்டின் அளவு மாறினாலும் பைட்டின் எண் மாறாது. என் பார்வையில் டிசிபியை வடிவமைத்தவர்களின் மிக நல்ல முடிவு இது.

ஆனால் 6023 என்ற ஒப்புகைக்கு ஓர் எல்லை உண்டு. பைட்டுகள் மாறனின் கணினியை எட்டிவிட்டன என்பதே அதன் பொருள். அரட்டை நிரல் அவற்றை எடுத்துக்கொண்டதா, மாறன் படித்தானா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

இதை நேரில் பார்க்க விரும்புபவர்கள் வயர்ஷார்க் மென்பொருளைத் திறக்கலாம். அது ஒவ்வொரு இணைப்பையும் 0 முதல் எண்ணுவதுபோல் காட்டும். உண்மையான பெரிய எண்கள் வேண்டுமென்றால் `tcpdump -S` என்று கொடுத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே `ack` வந்தால், அந்த எண்ணில் தொடங்கும் பைட் இன்னும் போய்ச் சேரவில்லை.