சைக்கிளுக்கு ஒரு நடுகல்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நாயின் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். அவன் வளர்த்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதை அந்த நடுகல் சொல்கிறது. நாயின் பெயரையே கல்லில் வெட்டிய நாட்டில் சைக்கிளுக்கு ஒரு கல் ஏன் கூடாது என்று தோன்றியது. நண்பரின் பழைய சைக்கிளை இரும்புக் கடைக்குப் போடும் முன், மொட்டைமாடியில் கூடியபோது வாசிக்க அதே பாணியில் ஒன்று எழுதினேன்.

நடுகல் வாசகத்தின் பலம் அதன் கறார்தான். யார் ஆளும் எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தச் சண்டை, என்ன செய்து பட்டான். அவ்வளவுதான். புலம்பல் கிடையாது. ‘பட்டான்’ என்றால் இறந்தான். வேடிக்கை இரங்கல் எழுத இதைவிடத் தோதான அச்சு இல்லை. அரசனுக்குரிய கம்பீரத்தைத் துருப்பிடித்த வண்டிக்குத் தரும்போது சிரிப்பு தானாக வரும். ஆனால் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும் என்பது எல்லா ஊர் சைக்கிளுக்கும் சொன்ன பழைய வேடிக்கை. அதை எழுதினால் அது இந்த வண்டியின் இரங்கல் ஆகாது.

அதனால் முதலில் வண்டியைக் குப்புறப் போட்டுப் பார்த்தேன். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டொக்’ கேட்கும் என்று நண்பர் சொல்லியிருந்தார். பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் கோட்டர் பின் தேய்ந்தால் வரும் சத்தம் அது. பின்னைப் பலமுறை மாற்றியிருக்கிறார். வண்டியைக் கொன்றது அது அல்ல. சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் மழைநீர், பெடல் அச்சு ஓடும் கூட்டில் போய்த் தேங்கும். இரும்பை உள்ளேயிருந்து துரு தின்னும். வெளியே பெயிண்ட் கொப்புளம் போல் உப்பும். பலரும் அதைத் துடைத்துவிட்டு ஓட்டுவார்கள். ஒருநாள் ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது அந்த இடத்தில் விரிசல் விடும். இந்த வண்டிக்கு நேர்ந்ததும் அதுதான். சட்டம் உள்ளே அரித்துப்போனால் பற்றவைத்தாலும் நிற்காது.

எழுதியது இது:

“அம்மா இவ்வீட்டை ஆளும் யாண்டு நாற்பத்திரண்டாவது. மாடிப்படிக்கீழ் வாழும் இருபத்திரண்டு அங்குலக் கறுப்புச் சைக்கிள், ரேஷன் கடைப் பூசலில் இருபது கிலோ அரிசி மீட்டு, தெருநாய் மூன்று துரத்தச் செயின் கழன்றும் வீடு சேர்ந்து, பதினொரு டயரும் ஆறு கோட்டர் பின்னும் ஈந்து, தன் தலைவனை நாள்தோறும் கல்லூரியிலும் ஒரேயொரு நாள் சாக்கடையிலும் சேர்த்து, கேரியரில் மாமனாரை ஏற்றிப் பாலத்து மேட்டில் ஏறுகையில் சட்டம் பிளந்து பட்டது. அதற்கு நண்பர் எழுவர் நிறுத்தின கல். இதன் பெல்லைக் கழற்றுவான் போகும் இடமெல்லாம் பஞ்சர் ஆவான்.”

கடைசிச் சாபம் நடுகல்லிலிருந்து வந்ததல்ல, கோயில் தானக் கல்வெட்டுகளிலிருந்து எடுத்தது. தானத்தை அழிப்பவனைச் சபித்து முடிப்பது அங்கே வழக்கம்.

முதல் வரைவில் நண்பரின் அந்நாளைய பணமுடையைப் பற்றி ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். சிரிப்பு வண்டியோடு நிற்க வேண்டும், ஓட்டியவரின் வாழ்க்கை மேல் விழக்கூடாது. மாமனாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டேன். எடையைப் போடாவிட்டால் சரி என்றார்.

வாசிப்பதைப் பொறுத்தவரை, ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அத்தனையும் ஒரே நீண்ட வாக்கியமாக ‘பட்டது’ வரை ஓடுவதால் நடுவில் சிரித்தால் மூச்சு தவறிவிடும். முகத்தை இறுக்கிக்கொண்டு, கல்வெட்டைப் படிக்கும் தொனியிலேயே படித்தேன். ‘சாக்கடையிலும்’ என்ற இடத்தில் முதல் சிரிப்பு. ‘மாமனாரை’ என்றதும் மாடியே குலுங்கியது.

முடித்ததும் ஓரமாக உட்கார்ந்திருந்த சைக்கிள் கடைக்காரர் கை தூக்கினார். தெருமுனையில் அந்த வண்டியைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

“தம்பி, கோட்டர் பின் ஆறு இல்ல, ஏழு. கடைசி ஒண்ணுக்கு நான் காசு வாங்கல.”

பேனாவை வாங்கி, அந்தத் தாளில் ஆறை அடித்து ஏழு என்று எழுதினேன்.